தோட்டக் காணி வழக்கு: பதுளையா, கொழும்பா?

பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் வசிக்கும் குடும்பத்துக்கு, அரச காணியிலிருந்து வெளியேறுமாறு அறிவித்தல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டத்தின் கீழ் அது வந்திருந்தால், பிறகு விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே அரசு வழங்கிய செல்லுபடியான அனுமதிப் பத்திரத்தையோ வேறு எழுத்துமூல அதிகாரத்தையோ காட்டினாலன்றி வேறு வாதம் எடுபடாது. அறிவித்தலே பிழை என்று சொல்ல விரும்புபவர் எழுத்தாணை கேட்டு வழக்குத் தொடர வேண்டும். எந்த நீதிமன்றத்தில்?

இதற்கான விடை அதிகாரப் பகிர்வில் இருக்கிறது. இலங்கை ஒற்றையாட்சி நாடு. ஆனாலும் 1987இன் 13ஆவது திருத்தம் சட்டமியற்றும் அதிகாரத்தை மாகாண நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என மூன்றாகப் பிரித்தது. மாகாண நிரலில் உள்ள விடயமாக இருந்தால்தான் மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை வழங்கலாம்.

'காணி' மாகாண நிரலில் இருக்கிறதே என்று பலர் நினைப்பார்கள். ராகலை ஸ்டஃபர்ட் தோட்டவாசி ஒருவரும் அப்படித்தான் கண்டி மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் சென்றார். அந்த நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. 2013 செப்டெம்பர் 26 அன்று உயர் நீதிமன்றம் இல்லை என்று முடித்து வைத்தது. மாகாண நிரல் காணியை முழுதாகக் கொடுக்கவில்லை. பின்னிணைப்பில் சொல்லப்பட்ட அளவுக்கே கொடுக்கிறது. அரச காணியின் உரித்து குடியரசிடமே இருக்கிறது; அரசு மாகாண சபைக்கு வழங்கும் காணியே அதன் நிர்வாகத்துக்கு வரும். இதுவே தீர்ப்பின் சாரம். அறிவித்தல் சரியா, பிழையா என்ற கேள்விக்கு வழக்கு போகவே இல்லை.

ஆகவே நமது பதுளைக் குடும்பம் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். பதுளை மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனால், அதிகாரமில்லை என்ற ஆரம்ப ஆட்சேபனையிலேயே வழக்கு விழுந்துவிடலாம். இதற்கிடையில் அறிவித்தலில் குறித்த நாளும் கடந்துவிடும்.

சரி, ஊவா மாகாண சபை நியதிச்சட்டம் இயற்றி இந்த 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற முடியாதா? முரண்பாடு வந்தால் இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். முதலாவது, விடயம் எந்த நிரலில்? ஒதுக்கிய நிரலில் என்றால் மாகாணத்துக்கு அதிகாரமே இல்லை. மாகாணத்துக்குக் கொடுத்த அளவைத் தவிர்ந்த அரச காணி அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது, எந்தச் சட்டம் முந்தியது? மாகாண நிரல் விடயத்தில் 13ஆவது திருத்தத்துக்கு முந்திய பாராளுமன்றச் சட்டம் இருந்தால், அதற்கு முரணானது என்று தன் நெடும்பெயரிலேயே சொல்லும் நியதிச்சட்டம், அந்த மாகாணத்துக்குள் பழைய சட்டத்தை உறங்கச் செய்யும். மாறாக, உரிய நடைமுறைப்படி பாராளுமன்றம் பின்னர் இயற்றிய சட்டத்தோடு முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு நியதிச்சட்டமே செல்லாது.

1979ஆம் ஆண்டுச் சட்டம் பழையது என்பதால் இரண்டாவது கேள்வி நமக்குச் சாதகமாகத் தெரியலாம். ஆனால் அரச காணி முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது.