அரைவல் நோட்டீஸ் வந்த பிறகு

கப்பல் சென்னையை நெருங்கும்போது ஷிப்பிங் லைனின் ஏஜென்ட் இறக்குமதியாளருக்கு அனுப்பும் தகவல்தான் அரைவல் நோட்டீஸ். கப்பலின் பெயர், வந்து சேரும் நாள், பில் ஆஃப் லேடிங் எண், கன்டெய்னர் எண், கட்ட வேண்டிய உள்ளூர்க் கட்டணங்கள் ஆகியவை அதில் இருக்கும். சரக்கை எடுக்க அது அனுமதி ஆகாது. அதில் முதலில் பார்க்க வேண்டியது பெயரும் எண்களும்தான். சுங்கத் துறையிடம் லைன் தாக்கல் செய்யும் சரக்குப் பட்டியலில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பில் ஆஃப் என்ட்ரி அதனோடு பொருந்தாமல் நின்றுவிடலாம். அந்தத் திருத்தத்தை லைன்தான் செய்ய வேண்டும். அதற்கும் நாள் போகும்.

சரக்கைக் கொடுக்கலாம் என்று லைன் எழுதித் தருவது டெலிவரி ஆர்டர். பின்பக்கம் முறையாகக் கையெழுத்திட்ட அசல் பில் ஆஃப் லேடிங்கை ஒப்படைத்து, கட்டணத்தைச் செலுத்தினால் அது கிடைக்கும். அனுப்பிய துறைமுகத்திலேயே அசலை ஒப்படைத்து 'டெலக்ஸ் ரிலீஸ்' ஆகியிருந்தால் இங்கே அசல் தேவையில்லை. வங்கியின் பெயருக்கு எழுதப்பட்ட பில் என்றால் வங்கியின் கையெழுத்தும் வேண்டும். ஃபார்வர்டர் மூலம் வந்த சரக்கு என்றால், லைனிடம் ஃபார்வர்டர் முதலில் ஆர்டர் வாங்கி, பிறகு தன் ஆர்டரை இறக்குமதியாளருக்குத் தருவார். கட்டணம் இரண்டு இடத்தில் விழுவது இதனால்தான்.

சுங்க வேலை தனித்தடத்தில் நடக்கிறது. சீனாவிலிருந்து வரும் சரக்குக்கு, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாளுக்குத் தினமும் 5,000 ரூபாய் கட்டணம். வரி கட்டி, சோதனை இருந்தால் அதுவும் முடிந்தபின் 'அவுட் ஆஃப் சார்ஜ்' கிடைக்கும். அதோடு செல்லுபடியாகும் டெலிவரி ஆர்டரும் இருந்தால்தான் கன்டெய்னர் நிற்கும் சி.எஃப்.எஸ். தன் வாடகையை வாங்கிக்கொண்டு கேட் பாஸ் கொடுக்கும்.

ஓர் உதாரணம். நிங்போவிலிருந்து 20 அடி கன்டெய்னரில் டைல்ஸ் வருகிறது. 4ஆம் தேதி இறங்குகிறது. இறங்கிய நாளையும் சேர்த்து லைன் 7 நாள் இலவசம் தருகிறது. டெலிவரி ஆர்டர் 10 வரை செல்லும். வங்கியிலிருந்து அசல் பில் தாமதமாக வந்ததால் வேலை 12ஆம் தேதிதான் முடிகிறது. 11, 12 ஆகிய இரண்டு நாளுக்கு டிடென்ஷன் கட்டி ஆர்டரைப் புதுப்பித்த பிறகே வண்டி கேட்டைத் தாண்டும். கணக்கு அங்கே முடிவதில்லை. காலிக் கன்டெய்னர் லைன் சொன்ன யார்டுக்கு 14ஆம் தேதிதான் திரும்புகிறது என்றால் இன்னும் இரண்டு நாள். நாளுக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 10,000. சி.எஃப்.எஸ். வாடகை இதில் சேராது. அது நிற்கும் இடத்துக்கு, டிடென்ஷன் பெட்டிக்கு.

காலிப் பெட்டியை ஒப்படைத்ததும் யார்டு தரும் ரசீதில் தேதியும் பெட்டியின் நிலையும் பதிவாகும். டெபாசிட் கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்கவும், பின்னர் வரும் சேதக் கட்டணத்தை மறுக்கவும் அந்த ரசீதே ஆதாரம்.