கண்டதும் கேட்டதும்: வகுப்பறை மோதலைப் பிரதிபலிப்புச் சுழற்சியில் பதிவுசெய்தல்

கிரகாம் கிப்ஸ் 1988-இல் முன்வைத்த பிரதிபலிப்புச் சுழற்சி விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என ஆறு படிநிலைகளைக் கொண்டது. பகுப்பாய்வே இவற்றுள் கடினமானது என்பது பொதுவான எண்ணம். ஆனால் மாணவர் மோதலைப் பதிவுசெய்யும்போது பிழை பெரும்பாலும் முதற்படியாகிய விவரிப்பிலேயே புகுந்துவிடுகிறது. அப்பிழைக்குத் தமிழ் வினைச்சொற்கள் எவ்வாறு இடந்தருகின்றன, அவற்றைக் கொண்டே அதனை எவ்வாறு கண்டறியலாம் என்பதை இக்கட்டுரை ஒரு மாதிரி நிகழ்வின்வழி விளக்குகிறது.

நிகழ்வு விளக்கத்திற்காக அமைத்துக்கொள்ளப்பட்டது. களம் பிச்சாவரம் பகுதியிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு. குழுப்பணியின்போது ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். பெஞ்சு இடிபடும் ஓசை கேட்டுத் திரும்புகிறார். அன்று மாலை குறிப்பேட்டில் இவ்வாறு எழுதுகிறார்: “பின்வரிசை மாணவன் முன்வரிசை மாணவனின் நோட்டை வேண்டுமென்றே கிழித்து, அவனைத் தாக்கினான்.”

இத்தொடரில் ஆசிரியர் கண்டது ஒன்றுகூட இல்லை. அவர் திரும்பியபோது நோட்டு தரையில் கிழிந்து கிடந்தது. ‘கிழிந்து’ என்னும் தன்வினை ‘கிழித்து’ எனப் பிறவினையாக மாறும்போது, ஓரெழுத்து மாற்றத்தில் குற்றவாளி ஒருவன் தோன்றிவிடுகிறான். கை ஓங்கியிருந்ததை அவர் கண்டார். அடி விழுந்ததைக் காணவில்லை. ‘வேண்டுமென்றே’ என்பது முழுவதும் ஊகம். அருகிலிருந்த மாணவர் “கிழிச்சானாம் சார்” என்றே சொல்லியிருக்கக்கூடும். பேச்சுவழக்கில் அந்த ‘ஆம்’ செய்தி பிறர்வழி வந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. எழுத்துநடைக்கு மாற்றும் நாம், கொச்சை என்று கருதி அதனை உதிர்த்துவிடுகிறோம். கேள்விச்செய்தி கண்கூடான சாட்சியமாகிவிடுகிறது. (எழுத்துநடை துல்லியமானது என்ற நம் நம்பிக்கைக்கு இது ஒரு சிறு குட்டு.)

ஆகவே ஒவ்வொரு வினையின் அருகிலும் கண்டேனா, கேட்டேனா, ஊகித்தேனா என்று குறிப்பது பயனுள்ள சோதனை. அதன்பின் விவரிப்பு இவ்வாறு மாறும்: “ஓசை கேட்டுத் திரும்பினேன். பின்வரிசை மாணவன் முன்வரிசை மாணவனின் சட்டையைப் பற்றியிருந்தான், மறுகை ஓங்கியிருந்தது. நோட்டு கிழிந்து கிடந்தது. அதற்கு முந்தைய அரை நிமிடத்தை நான் பார்க்கவில்லை.” இறுதித் தொடரே இப்பதிவின் உயிர்நிலை. ‘சினம் வந்தது’, ‘தலைமையாசிரியர் கேட்பாரே என அஞ்சினேன்’ போன்றவை உணர்வுப் படிக்கு உரியவை; அவற்றுக்கு அங்கே இடம் கொடுத்தால் விவரிப்பினுள் அவை ஒளிந்துகொள்வதில்லை. மதிப்பீட்டில் நன்றாக நடந்தது, நடவாதது ஆகிய இரண்டையும் ஓரிரு வரிகளில் எழுதினால் போதும்.

பகுப்பாய்வு அந்த அரை நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. இருவரையும் தனித்தனியே கேட்கும்போது, “நண்டு பிடிக்கிறவனுக்கு எதுக்கு நோட்டு” என முன்வரிசை மாணவன் கேட்டதாகப் பின்வரிசை மாணவன் கூறுகிறான். பிச்சாவரத்து ஆழமற்ற நீரில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் குடும்பத்தவன் அவன் எனக் கொள்வோம். இருளர் தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர். அவ்வாறாயின் இது இரு சிறுவர்களின் சச்சரவு மட்டுமன்று. நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் 2023-இல் அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதிபதி கே. சந்துரு குழு கையாண்ட சிக்கலின் ஒரு கூறும் ஆகும். டேவிட் டிரிப் 1993-இல் வலியுறுத்தியது போல, ஒரு நிகழ்வை முக்கியமானதாக ஆக்குவது அதற்கு நாம் தரும் பொருள்கோளே. முதல் விவரிப்போடு நின்றிருந்தால் ‘முரட்டு மாணவன்’ என்ற பொருள்கோள் மட்டுமே எஞ்சியிருக்கும்.

எனினும் இக்கூற்றும் கேட்ட செய்தியே. முன்வரிசை மாணவன் மறுத்தால் அம்மறுப்பும் அதே தகுதியோடு பதிவாக வேண்டும். பிரதிபலிப்புச் சுழற்சி விசாரணைக் கருவியன்று; எழுதுபவரின் செயலையே அது ஆய்கிறது. சாதி இழிவு பற்றிய முறையீட்டைக் குறிப்பேட்டுக்குள் முடித்துக்கொள்ளாமல் தலைமையாசிரியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

‘இனிக் கவனமாக இருப்பேன்’ என்பது முடிவாகாது. கரும்பலகையில் எழுதும்போது பக்கவாட்டில் நிற்றல், குழுக்களைக் குலுக்கல் முறையில் அமைத்தல் ஆகியவை செய்து பார்க்கத்தக்க முடிவுகள். செயல்திட்டத்தில் நாள் குறிக்கப்பட வேண்டும்: மூன்றாம் நாளும் இரண்டாம் வாரமும் இருவரிடமும் தனித்தனியே பேசுதல். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் உடன்பயில்பவனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். தடுத்த ஆசிரியரும் காயமுற்றார். முன்னர் பென்சில் தொடர்பாக எழுந்த பிணக்கே காரணம் எனச் செய்திகள் வெளிவந்தன. அன்றே ஓய்ந்ததாகத் தோன்றும் பிணக்கைப் பின்னரும் தொடர்ந்து பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். இரண்டாம் உரையாடலில் புதிய செய்தி கிடைத்தால் பழைய விவரிப்பைத் திருத்தாமல், நாளிட்டு அதன்கீழ் எழுதுதல் வேண்டும்.