27,845 ரூபாய் வித்தியாசம்

அச்சரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு ஹார்டுவேர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று கடைப் பேரேட்டில் வங்கி இருப்பு ரூ.2,18,640. வங்கி ஸ்டேட்மென்ட் காட்டுவதோ ரூ.2,46,485. கூடுதலாகத் தெரியும் ரூ.27,845-ஐ நம்பிச் சரக்கு எடுத்தால், ஏற்கெனவே கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிடும்.

இரண்டையும் அருகருகே வைத்து, இரு பக்கமும் உள்ள தொகைகளுக்கு டிக் அடிக்க வேண்டும். பேரேட்டில் பற்றாக இருப்பது ஸ்டேட்மென்டில் வரவாக இருக்கும். பிப்ரவரி மாதச் சரிக்கட்டும் பட்டியலில் நிலுவையாக நின்றவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டிக் விழாதவற்றில் சில, வங்கிக்குத் தெரிந்து கடைக்குத் தெரியாதவை. வாடிக்கையாளர் ஒருவர் நெஃப்டில் அனுப்பிய ரூ.12,000 பேரேட்டில் ஏறவில்லை. வங்கி பிடித்த கட்டணம் ரூ.250, அதற்கு 18% ஜி.எஸ்.டி. ரூ.45, ஆக ரூ.295. இவற்றைப் பேரேட்டில் எழுதியே ஆக வேண்டும். எழுதினால் இருப்பு ரூ.2,30,345.

மற்றவை காலத்தால் வந்த வித்தியாசங்கள். இவற்றுக்குப் பேரேட்டில் புதிய பதிவு கிடையாது. சரிக்கட்டும் பட்டியலில் மட்டுமே இடம்.

பேரேட்டு இருப்பு: 2,30,345
கூட்டு: சிமென்ட் மொத்த வியாபாரி இன்னும் வங்கியில் போடாத செக்: 46,500
கழி: 31 மாலை பெட்டியில் போட்ட செக்: 22,000
கழி: அன்றைய கியூஆர் வசூல், மறுநாள் வர வேண்டியது: 8,450
வர வேண்டிய வங்கி இருப்பு: 2,46,395

ஸ்டேட்மென்டுக்கும் இதற்கும் இன்னும் 90 ரூபாய் இடிக்கிறது. சிறிய தொகைதானே என்று 'இதர செலவு' தலைப்பில் தள்ளிவிடக் கூடாது. ஒரு பெரிய பிழையும் இன்னொரு பெரிய பிழையும் ஒன்றையொன்று தின்றது போக மிஞ்சியதாகவும் அது இருக்கலாம். மிச்சம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் தேட வேண்டும். இங்கே மின்கட்டணம் ரூ.5,670, பேரேட்டில் 5,760 என்று எழுதியிருக்கிறது. திருத்தினால் பேரேடு ரூ.2,30,435 ஆகும், பட்டியல் ரூ.2,46,485-இல் வந்து நிற்கும்.

தொகை பொருந்தியதும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். நிலுவை என்று எழுதியது உண்மையில் நிலுவைதானா என்பது ஏப்ரல் ஸ்டேட்மென்டில்தான் தெரியும். ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள் என்பதால் ரூ.22,000 அடுத்த வேலைநாளில் வந்தால் சரி. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் கிளியரிங்குக்குப் போன அன்றே தீர்கின்றன. ஆகவே ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் அந்த செக் திரும்பியிருக்கும், அல்லது வேறு கணக்கில் ஏறியிருக்கும்.

ரூ.46,500 செக்கில் உள்ள தேதி ஜனவரி 10. ரிசர்வ் வங்கி விதிப்படி 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். ஏப்ரல் 10-ஐ ஒட்டி அது காலாவதியாகிவிடும் என்பதால் மொத்த வியாபாரியிடம் இப்போதே கேட்டுவிட வேண்டும். காலாவதியானால் அந்தத் தொகையை வங்கிக் கணக்கில் பற்றும் வியாபாரி கணக்கில் வரவும் வைக்க வேண்டும். கடன் அப்படியேதான் இருக்கிறது. புதிய செக் கொடுத்தாக வேண்டும்.