மூன்று மாத விளம்பரம்: கையெழுத்துக்கு முன் கணக்கு

நம்மிடம் மளிகை எடுக்கும் சிறு ஓட்டல்காரர் ஒருவர், தமக்கு வந்த மின்னஞ்சலைக் கொண்டுவந்து காட்டினார். தனியாகத் தொழில் செய்யும் விளம்பர ஆலோசகர் ஒருவர் எழுதியது. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் மூன்று மாத விளம்பரம்; மாதம் ரூ.25,000.

இதில் கூலி எவ்வளவு, விளம்பரத்துக்குப் போவது எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை. கேட்கச் சொன்னோம். கூலி ரூ.10,000, விளம்பரச் செலவு ரூ.15,000 என்று பதில் வந்தது.

மூன்று மாதத்துக்கு மொத்தம் ரூ.75,000. அந்த ஓட்டலில் சராசரி பில் ரூ.400. சரக்கு, எரிவாயு, விளம்பரம் பார்த்து வருவோருக்கான தள்ளுபடி எல்லாம் போக நிற்பது ரூ.150. ஆகவே போட்ட பணம் திரும்பவே 500 புதிய பில்கள் வேண்டும். அதாவது நாளொன்றுக்கு ஐந்தாறு. "ஐம்பதாயிரம் பேர் பார்ப்பார்கள்" என்ற வாக்குறுதி கல்லாவில் சேராது. முதன்முறை வருபவர் விளம்பரத்தைக் காட்டினால் தள்ளுபடி என்று வைத்து, அந்தப் பில்களைத் தனியே குறித்து எண்ண வேண்டும்.

விளம்பரக் கணக்கு முதலாளி பெயரிலேயே இருக்கட்டும். ஆலோசகருக்கு இயக்கும் அனுமதி போதும். இல்லையேல் அவர் விலகும்போது விவரங்களும் அவரோடு போய்விடும். முதல் மாதம் நூறு பில்கூட வராவிட்டால் நிறுத்திக்கொள்ளும் உரிமையையும் எழுதி வாங்கச் சொன்னோம்.