95.6-இல் நின்றுவிடும் எத்தனால்

பென்சீனும் டொலுவீனும் ஏறத்தாழ ஒரே சாயல் கொண்டவை. கலந்தாலும் ஒவ்வொன்றும் தன் மூலக்கூறு பங்குக்கேற்ற ஆவியழுத்தத்தையே தரும். இதுதான் ரவுல்ட் விதி.

எத்தனாலும் தண்ணீரும் அப்படியல்ல. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகக் கைகோத்தவை. தண்ணீரோடு ஒட்டாத கார்பன் வால் கொண்ட எத்தனால் நடுவே புகுந்ததும் பிடி தளர்கிறது. ஆவியழுத்தம் விதி சொல்வதைவிட உயர்கிறது. அதனால் எடையில் 95.6 சதவீதம் எத்தனால் உள்ள கலவை, சாதாரண வளியழுத்தத்தில் 78.2 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது. தூய எத்தனாலுக்கே 78.4 வேண்டும்!

இதுதான் அசியோட்ரோப். இங்கே ஆவியிலும் திரவத்திலும் விகிதம் ஒன்றே. பிறகு எத்தனை முறை வடித்தாலும் அதே 95.6தான். மிச்சத் தண்ணீரை நீக்க ஆலைகளில் மூலக்கூறு சல்லடை வைக்கிறார்கள். அதன் நுண்துளைக்குள் தண்ணீர் நுழையும், பருத்த எத்தனால் நுழையாது.