உள்ளங்கையில் ஒரு சொட்டு சாம்பார்

ஆடித் திருவிழா அன்னதானம். சாமிக்குப் படையல் முடிந்துவிட்டது. பந்திக்கு இன்னும் ஒரு மணி நேரம். அண்டாவில் சாம்பார் கொதிக்க, உப்புக் கிண்ணத்துடன் நிற்கும் பையனின் கை நடுங்குகிறது.

"எவ்வளவு போடணும் மாஸ்டர்?"

"முக்கால்வாசி போடு தம்பி. மீதியை நாக்கு சொல்லும்," என்கிறார் முதிய சமையல்காரர்.

அந்த முதல் உப்பு புளித்தண்ணீரில் வேகும் காய்களுக்கானது. பிறகு வெந்த பருப்பைக் கொட்டும்போது உப்பின் காரம் குறையும். அதனால் பருப்பு சேர்ந்த பிறகுதான் கடைசி முடிவு.

பையன் கொதிக்கும் குழம்பை அப்படியே நக்கிப் பார்த்து, "உப்பு பத்தலை" என்கிறான். சுட்ட நாக்குக்கு ருசி பிடிபடாது. மாஸ்டர் ஒரு சொட்டை அவன் உள்ளங்கையில் விட்டு, ஊதி ஆறவைத்து, கொஞ்சம் சோற்றோடு சாப்பிடச் சொல்கிறார். சோற்றில் உப்பில்லை, எனவே தனியாகச் சுவைக்கும்போது சாம்பாரில் உப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது முறை, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பார்க்கிறான். "அரைப் பிடி போதும்."

உப்பு மிஞ்சினால் சேர்க்கவென்று மாஸ்டர் ஒரு குண்டான் வெந்த பருப்பை ஒதுக்கி வைத்திருந்தார். அன்று அது தேவைப்படவில்லை.