18 இன்னிங்ஸுக்கு மறுநாள்

2018 அக்டோபர் 26 இரவு லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய பேஸ்பால் ஆட்டம், நள்ளிரவு தாண்டி, 7 மணி 20 நிமிடத்துக்குப் பிறகுதான் முடிந்தது. அது வேர்ல்டு சீரிஸின் மூன்றாவது ஆட்டம். வழக்கமாக 9 இன்னிங்ஸில் முடிய வேண்டியது 18 வரை இழுத்தது. 18ஆவது இன்னிங்ஸில் மேக்ஸ் மன்ஸி அடித்த ஹோம் ரன்னில் டாட்ஜர்ஸ் அணி 3-2 என்று பாஸ்டன் ரெட் சாக்ஸை வென்றது. அதற்குள் இரு அணிகளும் தலா ஒன்பது பிட்சர்களை இறக்கிவிட்டன. மன்ஸியிடம் அடி வாங்கிய நேதன் இயோவால்டி நடுவில் வந்தவர். அவர் மட்டும் 97 பந்து வீசியிருந்தார்.

மறுநாளே நான்காவது ஆட்டம்.

கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவிட்டு, பிறகு மறுபடியும் கூப்பிடலாம். பேஸ்பாலில் வெளியே போன பிட்சர் அன்று திரும்ப வர முடியாது. தொடக்க பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போவார். மிச்சத்தை வீச ஏழெட்டுப் பேர் மைதான ஓரத்தில் காத்திருப்பார்கள். அந்த இடத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சேர்த்து 'புல்பென்' என்று பெயர். தொடக்க பிட்சருக்கு நாலைந்து நாள் ஓய்வு உண்டு. புல்பென்காரருக்கு அந்த வசதி கிடையாது. இன்று 15 பந்து, நாளையும் 15 பந்து என்று ஓடும். தொடர்ந்து மூன்றாவது நாளும் அவரை இறக்க மேனேஜர்கள் தயங்குவார்கள். ஒரே நாளில் முப்பது பந்தைத் தொட்டவரை அநேகமாக மறுநாள் விட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவில் பந்தயம் கட்டுகிறவர்கள் 'டோட்டல்' என்று ஒன்றைப் பார்ப்பார்கள். இரு அணிகளும் சேர்ந்து எடுக்கப்போகும் ரன்களுக்கு நிறுவனம் 8.5 போல ஒரு எண்ணை வைக்கும். அதற்கு மேலே போகுமா, கீழே நிற்குமா என்பதுதான் பந்தயம். ஆட்டம் நடக்கும்போதே அந்த எண் மாறிக்கொண்டிருக்கும். (நம் நாட்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆகவே இங்கே பேச்செல்லாம் கணக்கைப் பற்றித்தான்.) புல்பென் களைத்திருக்கிறது என்று தெரிந்தால் அந்த எண்ணை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது கேள்வி.

நான்காவது ஆட்டம் இந்தக் கேள்விக்கென்றே நடந்ததுபோல் இருக்கும். ஐந்து இன்னிங்ஸ் முடியும் வரை 0-0. ஆறாவதில் யாசியல் புயிக் அடித்த ஹோம் ரன்னோடு டாட்ஜர்ஸ் 4-0 என்று முன்னிலை பெற்றது. அதன் தொடக்க பிட்சர் ரிச் ஹில் அதுவரை ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்திருந்தார். ஏழாவதில் ஒருவர் அவுட்டானதும், 91 பந்து வீசிய ஹில்லை வெளியே எடுத்தார்கள். உள்ளே வந்த ஸ்காட் அலெக்ஸாண்டர் முதல் ஆளுக்கே இலவசமாக நடை கொடுத்தார். அடுத்து வந்த ரையன் மேட்ஸனின் பந்தை மிட்ச் மோர்லண்ட் மூன்று ரன் ஹோம் ரன்னாக அனுப்பினார். எட்டாவதில் கென்லி ஜான்சனை ஸ்டீவ் பியர்ஸ் அடிக்க, ஆட்டம் சமன். ஒன்பதாவதில் பாஸ்டன் ஐந்து ரன் சேர்த்தது. முடிவு 9-6. பதினைந்து ரன்களும் ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு வந்தவை. அலெக்ஸாண்டர், மேட்ஸன், ஜான்சன் மூவருமே முந்தைய இரவும் வீசியவர்கள். ஜான்சன் அன்று இரண்டு இன்னிங்ஸ் வீசியிருந்தார்.

பார்த்தவர்கள் எல்லோரும் 'களைப்பு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களில் பாஸ்டனுக்காக வீசிய ஜோ கெல்லியும் முந்தைய இரவு வீசியவரே. அவர் ரன்னே கொடுக்கவில்லை. மேட்ஸனோ, களைப்புக்கு முன்பே, முதல் இரண்டு ஆட்டங்களிலும் தனக்கு முன்னால் வீசியவர் விட்டுச்சென்ற ஓட்டக்காரர்கள் அத்தனை பேரையும் ரன் எடுக்க விட்டவர். களைப்பு எவ்வளவு, ஆள் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று ஒரு ஆட்டத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் அளவு புரியும். ஓர் அணி 9 இன்னிங்ஸில் சராசரியாக 4.5 ரன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் இன்னிங்ஸுக்கு அரை ரன். ஐந்து இன்னிங்ஸ் 0-0 என்றால் மிச்சம் நான்கில் இரு அணிக்கும் சேர்த்து நான்கு ரன் எதிர்பார்க்கலாம். வீட்டு அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவதின் கீழ்ப்பாதி ஆடப்படாது, அதற்குக் கொஞ்சம் கழிக்க வேண்டும். களைப்பால் புல்பென் கொடுக்கும் ரன், 9 இன்னிங்ஸுக்கு அரை ரன் கூடுகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் புல்பென் வீசப்போவது மூன்று இன்னிங்ஸ்தான். அரை ரன்னில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.17. இரு அணிக்கும் சேர்த்தால் மூன்றில் ஒரு ரன். எதிர்பார்ப்பு 4 இலிருந்து 4.3 ஆகிறது. வந்ததோ பதினைந்து.

ஆட்டம் தொடங்குமுன் செய்யும் திருத்தமும் இந்த அளவுதான். ஓர் அணியின் புல்பென் மட்டும் களைத்திருந்தால் கால் ரன்னைத் தாண்டாது. அந்தக் கால் ரன், 'மேலே' என்ற பக்கத்தின் வாய்ப்பை இரண்டு சதவீதப் புள்ளி அளவே கூட்டும். 110 டாலர் கட்டி 100 டாலர் ஜெயிக்கும் வழக்கமான பந்தயத்தில் நஷ்டமில்லாமல் நிற்க 52.4 சதவீதம் சரியாக வேண்டும். நிறுவனம் எண் வைக்கும்போது களைப்பை அறவே மறந்திருந்தால்கூட, அதைத் தெரிந்துகொண்டதால் கிடைக்கும் லாபம் கமிஷனுக்கே போய்விடும். நிறுவனங்களோ இதை மறப்பதில்லை. நேற்று யார் எத்தனை பந்து வீசினார் என்பது எல்லோருக்கும் திறந்த கணக்கு.

திறந்த கணக்கில் வராதது ஒன்று உண்டு. புல்பென்னில் எழுந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, கூப்பிடாமலே உட்கார்ந்தவரின் பந்துகள் அதில் பதிவாவதில்லை. கைக்கு அதுவும் வேலைதான்.

என் கணிப்பில், களைப்பு ரன்னாக மாறுவது கை ஓய்ந்துபோவதால் மட்டுமல்ல, ஆள் மாறுவதாலும்தான். நல்ல பிட்சருக்கு ஓய்வு கொடுத்தால் அவருடைய இன்னிங்ஸை வரிசையில் கடைசி ஆள் வீச வேண்டியிருக்கும். தொடக்க பிட்சர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே அடி வாங்கிப் போனால் அந்தக் கடைசி ஆளுக்கு நிறைய வேலை வரும். நேரடி எண்ணைத் திருத்துகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது. மற்றது, இறங்கியவரின் முதல் நாலைந்து வேகப் பந்துகள். தன் சொந்த சராசரியைவிட மணிக்கு ஒன்று, ஒன்றரை மைல் குறைவாகவே வந்துகொண்டிருந்தால் அது களைப்பின் அடையாளம். ஒரே பந்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. எத்தனை நாள் வீசினார் என்ற கணக்கைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

ஆட்டம் கைவிட்டுப் போனதும் களைத்த புல்பென் வேறு விதமாகவும் ரன் கொடுக்கும். 8 ரன்னோ அதற்கு மேலோ பின்தங்கிய அணி, பிட்சரே அல்லாத ஒரு ஆட்டக்காரரைப் பந்து வீச நிறுத்தலாம் என்கிறது 2023 முதல் உள்ள விதி. அப்போது பந்து மெதுவாக வரும், டோட்டல் வேகமாக ஏறும்.

2018க்குத் திரும்பினால், ஐந்தாவது ஆட்டம் அக்டோபர் 28. முந்தைய இரண்டு இரவுகளின் பாரத்தோடு இரு புல்பென்களும் உட்கார்ந்திருந்தன. முந்தின நாள் பதினைந்து ரன் பார்த்தவர்கள் இன்றும் மழை பொழியும் என்றுதான் நினைத்திருப்பார்கள். டேவிட் பிரைஸும் கிளேட்டன் கெர்ஷாவும் தலா ஏழு இன்னிங்ஸ் முடித்தார்கள். புல்பென்னுக்குப் பந்து அதிகம் போகவே இல்லை. பாஸ்டன் 5-1 என்று வென்று கோப்பையை எடுத்துப்போனது. மொத்தம் ஆறு ரன்.